பஃபே மேசை அட்டையில் 'வெஜிடேரியன்', 'வீகன்', 'ஹலால்': தமிழில் எதை எப்படி எழுதுவது?

கல்லடிப் பாலம் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். நான் கல்லடியில் வசிக்கிறேன். ஆங்கிலத்தில் இருந்தும் சிங்களத்தில் இருந்தும் தமிழுக்கு மொழிபெயர்ப்பது என் தொழில். போன மாதம் பாசிக்குடாப் பக்கத்தில் உள்ள ஒரு விடுதிக்கு, சாப்பாட்டு மேசையில் வைக்கும் 46 அட்டைகளைத் தமிழாக்கிக் கொடுத்தேன். ஒவ்வோர் அட்டையிலும் உணவின் பெயர் மூன்று மொழியிலும் இருக்கும். பலவற்றில் அதன் கீழே V அல்லது VG என்ற எழுத்து இருக்கும். V என்றால் வெஜிடேரியன், VG என்றால் வீகன் என்று நுழைவாயிலில் ஒரு பலகை விளக்கம் சொல்கிறது. தமிழ் வாசிப்பவர் பலகைக்குத் திரும்பிப் போய்ப் பார்க்கக் கூடாது என்று எண்ணி, V உள்ள அட்டைகளில் "சைவம்" என்றும் VG உள்ளவற்றில் "சுத்த சைவம்" என்றும் நேரடியாகவே எழுதினேன்.

இரண்டு கிழமைக்கு முன் களுவாஞ்சிகுடியில் இருந்து ஒரு குடும்பம் பிறந்தநாள் விருந்துக்கு அங்கே போயிருக்கிறது. வாழ்நாளில் மச்சம் தொடாத ஒரு வயதான அம்மா, இனிப்பு மேசையில் "வட்டிலப்பம் – சைவம்" என்ற அட்டையைத் தாமே வாசித்துவிட்டு எடுத்து, இரண்டு கரண்டி சாப்பிட்ட பிறகுதான் அதில் முட்டை இருப்பதை அறிந்திருக்கிறார். அதன்பின் அவர் எதையும் சாப்பிடவில்லையாம். விடுதிக்காரர் என்னிடம் கோபப்படவில்லை. "ஆங்கிலத்தில் V சரிதானே, முட்டை சேர்ந்தாலும் வெஜிடேரியன்தானே" என்று மட்டும் கேட்டார். அவர் சொன்னது சரி. என் தமிழ்தான் பிழை.

46 அட்டைகளையும் திருத்தி எழுத வேண்டும். வெஜிடேரியனுக்கும் வீகனுக்கும் நீங்கள் எந்தச் சொல்லைப் போடுகிறீர்கள்? காரணத்தோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

வாவிக்கரை

தங்கை, இதற்கு எளிய வழி உண்டு. சைவம் என்பது ஒரு சமயத்தின் பெயர். அதை உணவு அட்டையில் போடுவதே முறையல்ல. மச்சம் சாப்பிடாத கத்தோலிக்கரும் பௌத்தரும் நம் மாவட்டத்தில் இருக்கிறார்கள். நமக்கென்று "மரக்கறி" என்ற நல்ல சொல் இருக்கிறது. வெஜிடேரியன் என்று வரும் இடமெல்லாம் "மரக்கறி உணவு" என்று எழுதுங்கள். வீகனுக்கு "நனிசைவம்" என்று தமிழ்நாட்டில் ஏற்கெனவே ஒரு சொல் உண்டாக்கி வைத்திருக்கிறார்கள். இரண்டும் ஆயத்தமாக இருக்கும்போது வேறென்ன தேடுகிறோம்?

அது போக, வட்டிலப்பத்தில் முட்டை இருப்பது இந்தக் கிழக்கு மாகாணத்தில் யாருக்குத் தெரியாது?

அடுப்படி 19

நான் சமையல்காரன். 19 வருடங்களாக விடுதிச் சமையலறைகளில் வேலை செய்கிறேன். எழுத்து வேலை எனக்குத் தெரியாது, ஆனால் "மரக்கறி" என்று எழுதினால் என்ன நடக்கும் என்பது தெரியும்.

எங்கள் மேசையில் "மரக்கறி ப்ரைட் ரைஸ்" என்று ஓர் உணவு எப்போதும் இருக்கும். அதில் முட்டை பொரித்துப் போடுவோம். போடாவிட்டால் ருசி இல்லை என்று சொல்பவர்களும் உண்டு. "மரக்கறி சூப்" என்று வைப்பதில் சில சமையலறைகளில் கோழிச் சுவைக் கட்டியைக் கரைத்து ஊற்றுவார்கள். இவை எவையும் ஒளித்துச் செய்யப்படுபவை அல்ல. எங்களுக்கு மரக்கறி சூப் என்றால் மரக்கறி போட்ட சூப், அவ்வளவுதான். மச்சம் சாப்பிடாதவருக்கு உகந்த சூப் என்று நாங்கள் அதை நினைப்பதில்லை.

இன்னொன்று மாசி. கீரைச் சுண்டலுக்கும் தேங்காய்ச் சம்பலுக்கும் சீனிச் சம்பலுக்கும் மாசித்தூள் போடுவது தெற்கில் இருந்து வரும் சமையல்காரர்களுக்குக் கை வழக்கம். உப்புப் போடுவது போலத்தான் போடுவார்கள். "இதில் மீன் இருக்கிறதா" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். அவர்கள் பொய் சொல்லவில்லை. மாசியை மீன் கணக்கில் அவர்கள் வைப்பதே இல்லை. ஆகவே "மாசி போட்டீர்களா" என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

வட்டிலப்பம் பற்றி அண்ணன் கேட்டதற்கும் ஒரு பதில். எங்கள் விடுதியில் கடந்த வருடம் முட்டை இல்லாமல் கடற்பாசி போட்டு ஒரு வட்டிலப்பம் செய்து பார்த்தோம். அந்த அம்மா முட்டை பற்றி அறியாதவர் என்று நான் நினைக்கவில்லை. அட்டை "சைவம்" என்று சொன்னதால், இது முட்டை இல்லாமல் செய்தது என்று நம்பி எடுத்திருப்பார். அட்டையை நம்பியவர் மேல் பிழை சொல்ல முடியாது.

கல்லடிப் பாலம்

நீங்கள் சொன்ன ப்ரைட் ரைஸ் என் 46 அட்டைகளுள் ஒன்றிலும் இருக்கிறது. மூல அட்டையில் "வெஜிடபிள்" என்றுதான் இருந்தது, V அடையாளம் இல்லை. நான் "மரக்கறி ப்ரைட் ரைஸ்" என்று எழுதினேன். பக்கத்து அட்டையில் வெஜிடேரியனுக்கும் "மரக்கறி உணவு" என்று எழுதியிருந்தால், வாசிப்பவருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்திருக்கும். ஆங்கிலத்தில் இரண்டு சொல்லாக இருப்பது தமிழில் ஒரே சொல்லாகிவிடுகிறது.

ஓய்வுபெற்ற ஆசிரியர், திருக்கோவில்

இழையை முழுவதும் வாசித்தேன். கேள்வி தவறான இடத்தில் நிற்கிறது என்பது என் தாழ்மையான கருத்து. சைவச் சாப்பாடு என்பது எதைச் சேர்க்கவில்லை என்பதோடு முடிந்துவிடுவதில்லை. எங்கள் வீட்டில் சைவச் சட்டி வேறு, மச்சச் சட்டி வேறு. வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்கு நடக்கும் நாட்களில் மச்சச் சட்டிகளைக் கழுவி வெளியே அடுக்கிவிடுவார்கள். மீன் பொரித்த எண்ணெயில் பொரித்த கத்தரிக்காயைச் சைவம் என்று எங்கள் தாயார் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார். ஆகவே ஒரே அடுப்பில் எல்லாம் சமைக்கும் விடுதி எதற்குமே சைவம் என்று எழுத முடியாது. விடுதிகள் சைவத்துக்குத் தனிச் சமையலறை வைக்க வேண்டும் என்று நாம் எல்லோரும் கையொப்பமிட்டுக் கேட்பதே சரியான வழி.

உரை அம்பாறை

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். தனிச் சமையலறை கேட்பது நியாயமான கோரிக்கை, ஆனால் தங்கை கேட்டது அதுவல்ல. ஏற்கெனவே சமைத்து மேசைக்கு வந்துவிட்ட உணவின் அட்டையில் எந்தச் சொல்லை எழுதுவது என்றுதான் கேட்கிறார். இருந்தாலும் ஐயா சொன்னதில் மொழிபெயர்ப்பாளருக்குத் தேவையான ஒன்று இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் வெஜிடேரியன். ஆங்கிலச் சொல்லைத் தனியே சொன்னால், பெரும்பாலான மேற்கு நாடுகளில் முட்டையும் பாலும் அதற்குள் அடங்கும். 2021இல் வெளியான ISO 23662 என்ற சர்வதேசத் தரநிலை இதைத் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறது: முட்டையும் பாலும் சேர்ந்தது ஒன்று, பால் விலக்கி முட்டை சேர்த்தது ஒன்று, முட்டை விலக்கிப் பால் சேர்த்தது ஒன்று, இரண்டும் விலக்கிய வீகன் ஒன்று. நம்முடைய "சைவம்" இவற்றில் மூன்றாவதோடு மட்டுமே பொருந்துகிறது. இந்தியாவில் இருந்து வரும் பிஸ்கட் பொதிகளில் பச்சைச் சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நாட்டுச் சட்டப்படி முட்டை சேர்ந்தால் அந்தப் பச்சைப் புள்ளியைப் போட முடியாது, பால் சேர்ந்தால் போடலாம். அந்தப் புள்ளி சொல்வதும் நம் சைவம் சொல்வதும் ஏறத்தாழ ஒன்று. விடுதி அட்டையின் V சொல்வது வேறு. அதனால் V என்ற எழுத்தைப் பார்த்த உடனே சைவம் என்று எழுதுவது, சமையலறை கொடுக்காத ஒரு வாக்கை நாம் அதன் பெயரால் கொடுப்பதாகும்.

வாவிக்கரை அண்ணன் சமயப் பெயர் என்று சொன்னது வரலாற்றளவில் சரி. ஆனால் சாப்பாட்டைப் பற்றிப் பேசும்போது அந்தச் சொல் சமயத்தைக் குறிப்பதாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. மட்டக்களப்பு நகரில் "சைவக்கடை" என்றால் எந்தச் சமயத்தவரும் அங்கே என்ன கிடைக்கும் என்று அறிவார். தமிழ்நாட்டில் இருந்து வரும் விருந்தாளிக்கு மரக்கறி என்ற சொல் பழக்கமில்லை. சைவம் உடனே விளங்கும். கைவிட வேண்டிய சொல் அல்ல அது. கண்டிப்போடு பயன்படுத்த வேண்டிய சொல்.

ஆகவே என் வழக்கம் இது. "மரக்கறி" என்பதை உணவின் பெயருக்குள் மட்டும் வைத்துக்கொள்வேன். உகந்தது, உகந்ததல்ல என்று சொல்லும் இரண்டாம் வரியில் அதை எழுதவே மாட்டேன். "சைவம்" என்று எழுதும் முன் சமையல்காரரிடம் நான்கு பொருளின் பெயரைச் சொல்லிக் கேட்பேன்: முட்டை, மாசி, கோழிக்கட்டி, ஜெலட்டின். நான்கும் இல்லை என்றால்தான் எழுதுவேன். முட்டை மட்டும் இருந்தால் சைவம் என்ற சொல்லைத் தொடாமல் "இறைச்சி, மீன் இல்லை, முட்டை உண்டு" என்று எழுதுவேன். நீளம்தான், ஆனால் யாரையும் ஏமாற்றாது.

அக்கரைப்பற்று வாசகி

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். ஹலால் பக்கத்தையும் இங்கே சேர்த்துக்கொண்டால் நல்லது, ஏனென்றால் அதிலும் இதே வகைப் பிழை நடக்கிறது.

அறுகம்குடாவில் ஒரு சாப்பாட்டு மேசைக்கு அட்டை எழுதியபோது, மூலத்தில் "பன்றி இறைச்சி இல்லை, பன்றிக் கொழுப்பு இல்லை" என்று இருந்தது. எனக்கு முன் அதைத் தமிழாக்கியவர் "ஹலால்" என்று ஒரே சொல்லில் எழுதியிருந்தார். பார்ப்பதற்கு அழகாகவும் சுருக்கமாகவும் இருந்தது. ஆனால் பன்றி இல்லை என்பதும் ஹலால் என்பதும் வேறு வேறு. கோழி எப்படி அறுக்கப்பட்டது, சாஸில் வைன் ஊற்றப்பட்டதா, காலையில் பேக்கன் பொரித்த எண்ணெய் மாலையில் மீனுக்குப் போகிறதா என்ற கேள்விகள் எல்லாம் ஹலாலுக்குள் அடங்கும். அந்த அட்டை அவற்றுள் எதற்கும் பதில் சொல்லவில்லை. நான் விசாரித்தபோது கோழி ஹலால் சான்றுள்ள இடத்தில் இருந்துதான் வருகிறது என்று தெரிந்தது, ஆனால் மாட்டிறைச்சிக்கு அப்படி ஒரு பத்திரமும் இருக்கவில்லை. கடைசியில் கோழி அட்டையில் "ஹலால் கோழி" என்றும் மற்றவற்றில் மூலத்தில் இருந்தபடி "பன்றி இறைச்சியோ பன்றிக் கொழுப்போ சேரவில்லை" என்றும் எழுதினேன். ஹலால் என்று தீர்மானிக்கும் பொறுப்பு எனக்கு இல்லை. சமையலறையின் பத்திரத்தில் இருப்பதை மட்டுமே நான் எழுதலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் "இறைச்சி" என்று தனியே சொன்னால் அது மாட்டிறைச்சிதான். எனக்குத் தெரிந்த தமிழ் வீடுகள் பலவற்றில் அதே சொல் ஆட்டைக் குறிக்கிறது. ஒரே மேசையில் இரண்டு ஊராரும் நிற்கும் இந்தப் பகுதியில் "இறைச்சிக் கறி" என்ற அட்டை இரண்டு பக்கத்தாருக்கும் பிழையாகப் போகும். மாடு, ஆடு, கோழி என்று மிருகத்தின் பெயரை எழுதாத அட்டையை நான் திருப்பி அனுப்பிவிடுகிறேன். ஹலால் என்ற சொல்லும் என்ன மிருகம் என்று சொல்வதில்லை. ஹலால் மாட்டிறைச்சி எங்களுக்கு உகந்தது. பக்கத்தில் நிற்கும் இந்துச் சகோதரிக்கு மாடு என்று தெரிய வேண்டும்.

மூன்று விசா

எனக்கும் ஓர் அனுபவம் இருக்கிறது. நான் 11 வருடம் வளைகுடாவில் வேலை செய்துவிட்டு வந்தவன். முதல் தடவை விமானத்தில் போகும்போது, பயணச் சீட்டு எடுத்துக் கொடுத்தவர் சாப்பாடு என்ன வேண்டும் என்று கேட்டார். நான் சைவம் என்றேன். அவர் பட்டியலைப் பார்த்து "இந்து உணவு" என்று பதிந்து கொடுத்தார். விமானத்தில் மூடியைத் திறந்தால் கோழிக் கறி. பணிப்பெண்ணிடம் காட்டினால், நீங்கள் கேட்டது இதுதான் என்று தாளைக் காட்டுகிறார். அன்றைக்குப் பாணும் பழமும் மட்டும் சாப்பிட்டேன். அவர்கள் ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்று இன்றுவரை விளங்கவில்லை. பஃபே மேசையிலும் "இந்து" என்று அட்டை வைக்கிறார்களா?

உரை அம்பாறை

சகோதரர் சொன்னது நல்ல உதாரணம். விமானங்களில் சாப்பாட்டுக்கு நான்கு எழுத்துக் குறியீடுகள் உண்டு. HNML என்பது இந்து உணவு. அது மச்சம் சாப்பிடும், ஆனால் மாட்டிறைச்சி சாப்பிடாத இந்துவுக்காக வைத்தது. நமக்குச் சைவம் என்றால் AVML என்று பதிய வேண்டும். அது இந்திய முறையிலான மரக்கறிச் சாப்பாடு. VLML என்றால் முட்டையும் பாலும் சேரலாம். VGML வீகன். MOML முஸ்லிம் உணவு. உங்களுக்குச் சீட்டு எடுத்துக் கொடுத்தவர் "இந்து" என்பதைச் சைவம் என்று தம் மனதுக்குள் மொழிபெயர்த்துவிட்டார், நடந்தது அவ்வளவுதான்.

பஃபே மேசைக்கு இதில் இருந்து எடுக்க வேண்டியது, சமயத்தின் பெயரை உணவின் மேல் எழுதக் கூடாது என்பதே. "இந்துக்களுக்கு ஏற்றது" என்ற ஓர் அட்டையை நான் பார்த்திருக்கிறேன், உள்ளே ஆட்டிறைச்சி. அட்டை எழுதியவர் சொல்ல விரும்பியது மாட்டிறைச்சி இல்லை என்பது. அதையே எழுதிவிட்டால் சாப்பிடுபவர் தமக்கு ஏற்றதா இல்லையா என்று தாமே முடிவு செய்வார்.

இனி வீகன். "சுத்த சைவம்" என்று எழுதியதுதான், தங்கை, உங்கள் இரண்டு சொற்களிலும் பெரிய பிழை. நெய்யும் தயிரும் சுத்த சைவத்தின் நடுவே இருப்பவை. பால் பொங்கலை விடச் சுத்த சைவம் எது? வீகன் அதை மறுக்கும் கொள்கை. நனிசைவம் என்ற சொல்லிலும் இதே சிக்கல் உண்டு. அதை உருவாக்கியவர்களின் நோக்கம் நல்லது, ஆனால் இங்கே அதை முதன்முதலாகக் காணும் ஒருவர் "மிகவும் சைவம்" என்றுதான் விளங்கிக்கொள்வார். தயிர் இல்லை என்று விளங்க மாட்டார். நான் "வீகன்" என்றே தமிழ் எழுத்தில் எழுதி, அடுத்த வரியில் பொருளை எழுதுகிறேன்.

வாவிக்கரை

மரக்கறி பற்றி நான் எழுதியதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். ப்ரைட் ரைஸ் உதாரணம் என்னை மாற்றிவிட்டது. ஆனால் நனிசைவத்தை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. புதிய சொல் எதுவும் முதல் நாளில் விளங்குவதில்லை. எழுத எழுதத்தான் பழகும். "வீகன்" என்று எழுதுவதால் தமிழுக்கு ஒரு சொல் குறைகிறது.

உரை அம்பாறை

கட்டுரை எழுதினால் நானும் நனிசைவம் என்று எழுதுவேன், அங்கே விளக்க இடம் உண்டு. கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, பின்னால் வரிசை நிற்க, மூன்று விநாடியில் வாசிப்பவருக்கு நான் சொல் பழக்க முடியாது. இதில் நாம் இருவரும் வேறுபட்டே இருக்கலாம், அண்ணன்.

கல்லடிப் பாலம்

வீகனுக்கு இரண்டாம் வரியில் என்ன எழுதுகிறீர்கள்? நான் "பால், முட்டை, தேன் இல்லை" என்று எழுதிப் பார்த்தேன். எழுதி முடித்துவிட்டு அட்டைகளைப் பார்த்தால், வீகன் என்று வந்திருப்பவற்றில் பாதி நம் ஊர் உணவுகள்: பூசணிக்காய்ப் பால் கறி, பருப்புக் கறி, பாற்சோறு. எல்லாவற்றிலும் தேங்காய்ப்பால். "பூசணிக்காய்ப் பால் கறி – பால் இல்லை" என்று ஓர் அட்டை என் கையில் இருக்கிறது! நம் சமையலில் "பால்" என்று தனியே சொன்னால் முதலில் நினைவுக்கு வருவது தேங்காய்ப்பால்தான்.

அடுப்படி 19

இதைக் கேட்டபோது எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. கனடாவில் இருந்து வந்த ஒரு பிள்ளை "பால் போட்டீர்களா" என்று எங்கள் உதவியாளரிடம் தமிழில் கேட்டது. அவன் "நிறையப் போட்டிருக்கு" என்று பெருமையோடு சொன்னான். பிள்ளை எடுக்காமல் போய்விட்டது. அது முழுவதும் தேங்காய்ப்பால். அந்த மேசையில் அந்தப் பிள்ளை சாப்பிடக்கூடிய கறி அது ஒன்றுதான் இருந்தது.

"மாட்டுப்பால்" என்று எழுதுங்கள். தயிர் எருமைப்பாலில் செய்தாலும் எங்கள் பக்கத்தில் எருமையும் மாடுதான், யாரும் குழம்ப மாட்டார்கள். பால்மாவையும் மறக்க வேண்டாம். தேங்காய்ப்பால் போதாத நாளில் கறிக்கு ஒரு கரண்டி பால்மா கரைத்து ஊற்றும் சமையலறைகள் உண்டு. கேட்டால் "பசும்பால் இல்லை" என்றுதான் சொல்வார்கள். மாசியைப் போல இதையும் பெயர் சொல்லித்தான் கேட்க வேண்டும்.

அக்கரைப்பற்று வாசகி

தேன் என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். இலங்கை ஆங்கிலத்தில் கித்துள் பாணியையும் "ஹனி" என்று எழுதுவது வழக்கம். சிங்களத்தில் "பெனி" என்பது இரண்டுக்கும் வரும். மூலத்தில் அப்படி இருக்கிறது என்று "தேன்" என்று எழுதினால், வீகன் ஒருவர் தமக்கு உகந்த பாணியை விலக்கிவிடுவார். போத்தலைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கல்லடிப் பாலம்

எல்லோருக்கும் நன்றி. நேற்று விடுதிக்குப் போய், சமையல்காரரோடு அமர்ந்து, இனிப்பு மேசையின் நான்கு அட்டைகளை மட்டும் முதலில் எடுத்தேன். மூலத்தில் மூன்றுக்கு V, ஒன்றுக்கு VG.

முதலாவது வட்டிலப்பம். தேங்காய்ப்பால், கித்துள் கருப்பட்டி, முட்டை, ஏலக்காய், கசகசா. மாட்டுப்பால் கிடையாது. ஆங்கிலத்தில் V சரி. தமிழில்: "வட்டிலப்பம். முட்டை உண்டு, இறைச்சி, மீன் இல்லை." முட்டையை முன்னுக்கு வைத்தேன், ஏனென்றால் அந்த அம்மா வாசிக்க வேண்டியிருந்த சொல் அதுதான்.

இரண்டாவது தயிரும் பாணியும். எருமைத் தயிர், போத்தலில் கித்துள் பாணி. தமிழில்: "எருமைத் தயிரும் கித்துள் பாணியும். சைவம்." இதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை. வட்டிலப்பமும் இதுவும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்தைத் தாங்கி அருகருகே இருந்தவை. தமிழில் இப்போது வேறு வேறு.

மூன்றாவது மாம்பழ முஸ். இதற்கும் V போட்டிருந்தது. எதனால் இறுகுகிறது என்று கேட்டேன். பொடி என்றார்கள். பொதியை எடுத்துவரச் சொன்னேன், ஜெலட்டின். அது மிருகத்தின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுப்பது என்பதை அங்கிருந்த இளைய சமையல்காரர் அறிந்திருக்கவில்லை, இனிப்புக்குப் போடும் பொடி என்று மட்டுமே அறிந்திருந்தார். ஆகவே இங்கே ஆங்கிலமே பிழை. நான் தமிழை மட்டும் திருத்திவிட்டு வந்தால், ஆங்கிலம் வாசிப்பவர் ஏமாறுவார். V எழுத்தை மூன்று மொழியிலும் எடுக்கச் சொல்லி எழுத்தில் கொடுத்தேன். எந்த மிருகத்தின் ஜெலட்டின் என்று பொதியில் இருக்கவில்லை, எனவே தமிழில் "ஜெலட்டின் சேர்ந்தது" என்று மட்டும் எழுதினேன். அதற்கு மேல் ஒரு சொல் சொன்னாலும் அது என் ஊகம்.

நான்காவது பழத்துண்டுகள், VG. "பழங்கள்" என்று எழுதினேன். கீழ் வரி எதுவும் வைக்கவில்லை. வெறும் பழத்துக்கு வீகன் என்று எழுதுவது வாசிப்பவரைச் சந்தேகப்பட வைக்கிறது.

அக்கரைப்பற்று வாசகி

முஸ் அட்டையில் நீங்கள் எழுதியது எங்களுக்கும் உதவும். ஜெலட்டின் என்று கண்டாலே நாங்கள் மாடா பன்றியா, மாடு என்றால் அறுத்த முறை என்ன என்று கேட்போம். கடற்பாசிக்கு மாற்றிவிட்டால் சைவத்துக்கும் உகந்தது, எங்களுக்கும் உகந்தது. நோன்பு காலத்தில் எங்கள் வீடுகளில் இறுக்குவது அதில்தான்.

அடுப்படி 19

கடற்பாசியில் முஸ் வராது, சகோதரி. ஜெலட்டின் வாய்க்குள் கரையும், கடற்பாசி உடைந்து நிற்கும். மாம்பழக் கடற்பாசி என்று வேறு இனிப்பாகச் செய்து, வேறு அட்டை வைக்கலாம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், திருக்கோவில்

அட்டைகள் நன்றாக இருக்கின்றன, பிள்ளை. ஆனால் நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. தயிருக்குச் சைவம் என்று எழுதிவிட்டீர்கள், அதில் எனக்குத் தடை இல்லை. அது மச்சச் சட்டியைக் காணாத உணவு. கத்தரிக்காய்ப் பொரியலுக்கு என்ன எழுதுவீர்கள்?

உரை அம்பாறை

ஐயா, நான் வருகிறேன் என்று சொன்ன இடம் இதுதான். தங்கள் தாயார் சைவம் என்ற சொல்லில் கேட்டது சேர்மானத்தை மட்டுமல்ல, சமைத்த முறையையும். அந்த அளவுக்கு அந்தச் சொல்லை எடுத்துக்கொள்பவர் இன்றும் பலர் இருக்கிறார்கள், அவர்களை ஒதுக்கிவிட்டு அட்டை எழுத முடியாது. அதே வேளை, சேர்மானத்தை மட்டும் பார்ப்பவர்கள் அவர்களை விட அதிகம். வெங்காயம், பூண்டு விலக்கும் விரதக்காரரும் இருக்கிறார். ஓர் அட்டையில் இவர்கள் எல்லோருக்கும் பதில் சொல்லும் சொல் என்னிடம் இல்லை. நான் செய்வது, நுழைவாயில் பலகையில் "எல்லா உணவும் ஒரே சமையலறையில் சமைக்கப்படுகின்றன" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்வது. பொரியலுக்கு எண்ணெய் தனியா என்று கேட்பேன். தனி இல்லை என்றால் சைவம் என்று எழுத மாட்டேன், "கத்தரிக்காய்ப் பொரியல்" என்ற பெயரோடு விட்டுவிடுவேன். சிலர் இதை மிகை என்கிறார்கள்.

கல்லடிப் பாலம்

கத்தரிக்காய் எண்ணெய் பற்றி இன்று காலை தொலைபேசியில் கேட்டேன். நடுப்பகலுக்குத் தனி எண்ணெய், இரவில் மீனோடு ஒரே தாச்சி என்று பதில் வந்தது. அட்டையோ இரண்டு வேளைக்கும் ஒன்றுதான்.

அடுப்படி 19

அப்படியானால் இரவு அட்டையைத் தனியாக அச்சடியுங்கள், பின்பக்கத்தில் நிறத்தை மாற்றி. எங்கள் ஆட்கள் சொல்லை வாசித்து அட்டை வைப்பதில்லை, நிறத்தைப் பார்த்துத்தான் வைக்கிறார்கள்.